ஒரே எழுத்தைப் பதினாறு முறை எடுத்தல்: தொடர் படங்களை அடுக்கி உண்மையான நுண்விவரம் பெறும் முறை

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில், கருப்பசாமி கோவிலையும் தாமரைக் குளத்தையும் தாண்டிச் சமணர்மலையின் தென்மேற்குச் சரிவுக்குப் போனால் செட்டிப்புடவு என்னும் குகைக்குச் சென்று சேரலாம். வெளியே பெரிய தீர்த்தங்கரர் சிற்பம் வெயிலில் இருக்கிறது. அதைப் படமெடுப்பதில் சிரமம் எதுவும் இல்லை. உள்ளே, கூரை வளைவில், வரிசையாக ஐந்து புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. நடுவில் மூன்று தீர்த்தங்கரர்கள், இரு ஓரங்களிலும் இயக்கியர். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே வெளிச்சம் குறைவு, எழுத்துகளுக்கும் நமக்கும் இடையே தொலைவும் உண்டு, பாறையோ பொரிந்த பாறை. கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், எழுத்தின் கோடு எது, பாறையின் பொரி எது, சென்சாரின் இரைச்சல் எது என்று பிரித்தறிய முடிவதில்லை.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட ஒரே ஒரு சூழலுக்கானது. அசையாத பொருள், குறைந்த வெளிச்சம், கையில் பிடித்த கேமரா, நமக்குத் தேவையானது படத்தின் அழகு அல்ல, அதில் உள்ள கோடு உண்மையா என்னும் விடை. ஒரே காட்சியைப் பல முறை எடுத்து, பொருத்தி, சராசரி காணும் முறையை இங்கே முழுவதுமாகச் சொல்கிறேன். இம்முறையை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம், கிடைத்த விவரம் பாறையில் இருப்பதா கேமராவில் பிறந்ததா என்று சோதித்துப் பார்க்கும் வழியையும் இது தன்னோடு கொண்டிருப்பதே ஆகும். அந்தச் சோதனையைப் பலரும் செய்வதில்லை. ஆகவே அதற்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அடுக்கினால் என்ன நடக்கிறது

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் ஒளித்துகள்களை எண்ணுகிறது. மழைத்துளிகள் ஒரே அளவுள்ள கிண்ணங்களில் விழும்போது கிண்ணத்துக்குக் கிண்ணம் எண்ணிக்கை சற்று மாறுவது போல, ஒரே வெளிச்சம் உள்ள இடத்திலும் பிக்சலுக்குப் பிக்சல் எண்ணிக்கை மாறுகிறது. இருட்டில் துகள்கள் குறைவு. ஆகவே இந்த ஏற்ற இறக்கம் படத்தில் பெரிதாகத் தெரிகிறது. அதையே இரைச்சல் என்கிறோம். ஒவ்வொரு படத்திலும் இந்த ஏற்ற இறக்கம் புதிதாக நிகழ்வதால், பல படங்களின் சராசரியில் அது ஒன்றையொன்று தணித்துக்கொள்கிறது. தணியும் அளவு படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 4 படங்களில் இரைச்சல் பாதியாகும், 16 படங்களில் கால்பங்காகும், 64 படங்களில் எட்டில் ஒரு பங்காகும். பதினாறுக்கு மேல் ஒவ்வொரு படியும் நான்கு மடங்கு உழைப்பைக் கேட்பதால், கையில் பிடித்து எடுக்கும் வேலைக்குப் பதினாறையே நான் எல்லையாக வைத்துக்கொள்கிறேன்.

இது இரைச்சலைப் பற்றியது. நுண்விவரம் கூடுவது வேறொரு காரணத்தால். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது: பாதிப் பிக்சல்கள் பச்சையை, கால்பங்கு சிவப்பை, கால்பங்கு நீலத்தை. விடுபட்ட நிறங்களை மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. கை மிகச் சிறிது நடுங்கினாலும், பாறையின் ஒரு புள்ளி முதல் படத்தில் பச்சைப் பிக்சல் மேலும், அடுத்ததில் சிவப்பின் மேலும், அதற்கடுத்ததில் இரண்டு பிக்சல்களின் நடுவிலும் விழுகிறது. படங்களைச் சரியாகப் பொருத்தினால், ஊகித்து நிரப்பிய இடங்களில் மெய்யான அளவீடுகள் வந்து உட்காருகின்றன. ஆக, கைநடுக்கம் இங்கே தேவையான ஒன்று. ஹப்பிள் தொலைநோக்கி 1995 டிசம்பரில் பத்து நாள் ஒரே வானத்துண்டை 342 முறை எடுத்தபோதும், அதன் கேமராப் பிக்சல்கள் தொலைநோக்கி ஆடியின் கூர்மைக்குப் போதாதவையாக இருந்ததால், தொலைநோக்கியைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்து இதே கொள்கையில்தான் சேர்த்தார்கள்.

இதிலிருந்தே எல்லையும் தெரிகிறது. லென்ஸ் சென்சாருக்குக் கொடுக்காத விவரத்தை எத்தனை படம் அடுக்கினாலும் மீட்க முடியாது. குவியம் தவறியிருந்தால், லென்ஸ் மேல் விரல்ரேகை படிந்திருந்தால், கேமராவில் துளையை மிகச் சிறிதாக்கி எஃப் 16-இல் எடுத்திருந்தால், இரைச்சல் மட்டும் குறையும், விவரம் கூடாது. எல்லாம் சரியாக இருக்கும்போதும் நீளவாக்கில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விவரம் கிடைத்தால் அது நல்ல விளைவு. கோப்பை இரண்டு மடங்காக்குகிறோம் என்பதற்காக விவரமும் இரண்டு மடங்காகிவிடுவதில்லை.

எடுக்கும்போது

நான் எடுத்தது 12 மெகாபிக்சல் கைபேசியில், 4000 பிக்சல் அகலப் படமாக, பாறையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளி நின்று. அந்த லென்ஸில் அந்தத் தொலைவில் ஒரு பிக்சல் என்பது பாறையில் 0.7 மில்லிமீட்டர். உளி வெட்டிய கோடு நாலைந்து மில்லிமீட்டர் அகலம் இருந்தால் அதற்கு ஆறேழு பிக்சல் கிடைக்கிறது. தேய்ந்து ஒரு மில்லிமீட்டராக மெலிந்த கோட்டுக்கு ஒன்றரைப் பிக்சல்தான். இந்தக் கணக்கை எடுப்பதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. மெலிந்த கோட்டுக்கு அரைப் பிக்சல்கூடக் கிடைக்காத தொலைவில் நின்றுகொண்டு அடுக்குவது வீண். அந்நிலையில் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் சற்று நெருங்கி நிற்பதே வழி.

கேமராவை ரா கோப்பு கொடுக்கும் முறையில் வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கைபேசியின் ஜேபெக் படம் நம் கைக்கு வரும் முன்பே இரைச்சல் நீக்கத்துக்கு ஆளாகிவிடுகிறது. இரைச்சலோடு சேர்த்து மெல்லிய கோடுகளையும் அது வழித்துவிடுகிறது. வழித்தெடுக்கப்பட்ட பதினாறு படங்களை அடுக்கினால் மெழுகு பூசியதுபோன்ற ஒரு படம் கிடைக்குமே தவிர, போன கோடு திரும்பாது. சில கைபேசிகள் ரா என்ற பெயரில் தருவதே பல படங்களைத் தாமே சேர்த்த கோப்பு என்பதால், கைமுறைப் பயன்முறையில் எடுத்த ஒரு ரா படத்தில் இயல்பான பொடி இரைச்சல் தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரைச்சல் தெரிந்தால் மகிழ வேண்டிய ஒரே இடம் இதுதான்.

ஷட்டர், ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமநிலை, குவியம் ஆகிய நான்கையும் கைமுறையில் பூட்டிவிட வேண்டும். குகைக்குள் நான் வைத்தது நொடியில் 30-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 800. ஒவ்வொரு படமும் தன்னளவில் கூர்மையாக இருப்பதே ஷட்டர் வேகத்தைத் தீர்மானிக்கும் அளவுகோல்; இரைச்சலைப் பற்றி இந்தக் கட்டத்தில் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனெனில் இரைச்சல் பின்னால் தணியும், படத்துக்குள்ளேயே நிகழ்ந்த ஆட்டம் தணியாது. ஆனால் அதற்காகப் படம் முழுதும் கறுத்துப்போகும் அளவுக்கு வேகத்தைக் கூட்டவும் கூடாது. துகள்களை எண்ணுவதிலும் சென்சாரின் மின்சுற்றுக்கு ஒரு சொந்த இரைச்சல் உண்டு; அதை மீறும் அளவுக்காவது ஒவ்வொரு படத்திலும் ஒளி இருக்க வேண்டும். ஒளிப்பரவல் வரைபடம் இடது சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் சற்றே விலகி நின்றால் போதுமானது.

முழங்கைகளை விலாவோடு அணைத்துக்கொண்டு, முடிந்தால் தோளைப் பாறைச்சுவரில் சாய்த்து நின்று, இருபது படங்களை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். முக்காலி வைக்க இத்தகைய பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி தேவைப்படுவது வழக்கம். நம் வேலைக்கு அது அவசியமும் இல்லை. முக்காலியில் படங்கள் துளியும் நகராமல் போனால் விவரம் கூடுவதற்கு வழியில்லை. சென்சாரின் நிலையான குறைகளும் எல்லாப் படங்களிலும் ஒரே எழுத்தின் மேலேயே விழுந்து, சராசரியில் தணியாமல் தங்கிவிடும். வேறு காரணத்துக்காக முக்காலி வைக்க நேர்ந்தால் படத்துக்குப் படம் அதன் தலையை விரலால் மெல்லத் தட்டிக்கொள்வது உதவும்.

நடுக்கம் தேவை என்றேன்; ஆனால் நகர்தல் கூடாது. நடுக்கம் என்பது கேமரா இருந்த இடத்திலேயே சற்றுத் திரும்புவது. நகர்தல் என்பது கேமராவே இடம் மாறுவது. 2 மீட்டர் தொலைவில், தீர்த்தங்கரரின் முகம் பின்பாறையிலிருந்து 10 சென்டிமீட்டர் துருத்தியிருக்கிறது என்று கொள்வோம். கேமரா பக்கவாட்டில் 1 சென்டிமீட்டர் நகர்ந்தால், முகமும் பின்பாறையும் ஒன்றுக்கொன்று முக்கால் பிக்சல் விலகிவிடும். பின்பாறையைப் பொருத்தினால் முகம் இரட்டிக்கும், முகத்தைப் பொருத்தினால் பின்பாறை இரட்டிக்கும். எழுத்துகள் ஏறத்தாழ ஒரே தளத்தில் இருப்பதால் கல்வெட்டு வரிகளுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. சிற்பத்தையும் எழுத்தையும் ஒரே அடுக்கில் சேர்க்க நினைக்காமல் தனித்தனியாகச் செய்வதே நல்லது.

இங்கே ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்து தெரியவில்லை என்பதற்காகச் சுண்ணக்கட்டியால் கோடுகளின் மேல் எழுதிப் படமெடுப்பதை இந்த மலைகளில் நான் கண்டிருக்கிறேன். எழுதியவர் எதை எழுத்து என்று நினைத்தாரோ அதுதான் அந்தப் படத்தில் இருக்கும். அடுத்து வருபவருக்கு மூலக்கோடு என்பதே இல்லாமல் போய்விடும். தண்ணீர் ஊற்றுவதும் மாவு பூசுவதும் அப்படியே. கீழே சொல்லும் வேலை முழுவதும் வீட்டில் உட்கார்ந்து செய்வது. பாறையைத் தொட வேண்டிய தேவையே இதில் வருவதில்லை.

ரா கோப்பிலிருந்து டிஃப் கோப்புக்கு

இருபது படங்களில் பதினாறைத் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. ரா கோப்போடு ஜேபெக் கோப்பும் சேமிக்கும்படி வைத்திருந்தால், ஜேபெக் கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பார்க்கலாம். ஒரே காட்சி, ஒரே அமைப்பு என்னும்போது, ஆட்டத்தால் மங்கிய படம் சுருக்கத்தில் சிறிதாகிவிடும். சிறிய நான்கையும் நீக்கிவிட்டு, மீதமுள்ளவற்றை ஒருமுறை நூறு சதவீதத்தில் திறந்து கண்ணால் சரிபார்த்துக்கொள்கிறேன்.

ராதெரபி என்னும் இலவச மென்பொருளில் அந்தப் பதினாறையும் திறந்து, `Neutral` என்ற சுயவிவரத்தை எல்லாவற்றுக்கும் ஒன்றாக இட வேண்டும். இரைச்சல் நீக்கம், கூர்மையாக்கம், தானியங்கி வெளிச்சம், லென்ஸ் வளைவுத் திருத்தம் எல்லாம் அதில் அணைந்திருக்கும். வெள்ளைச் சமநிலை எல்லாப் படங்களிலும் ஒரே எண்ணாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 16 பிட் டிஃப் கோப்புகளாக, `s_01.tif` என்று தொடங்கும் பெயர்களில் வெளியே எடுக்க வேண்டும்.

வெட்டி, பெரிதாக்கி, பொருத்தி, சேர்த்தல்

முழுப் படத்தையும் இரண்டு மடங்காக்கினால் ஒவ்வொன்றும் 48 மெகாபிக்சல் ஆகிவிடும். பதினாறையும் ஒன்றாகத் தாங்கச் சாதாரணக் கணினியின் நினைவகம் போதாது. எழுத்து உள்ள பகுதியை மட்டும், நாலாபுறமும் நூறு பிக்சல் ஓரம் விட்டு வெட்டிக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. என் படத்தில் அது 1400-க்கு 1000 பிக்சல். இதற்கும் பின்னால் சராசரி காண்பதற்கும் இமேஜ்மேஜிக் என்னும் இலவச மென்பொருளின் `magick` கட்டளையைப் பயன்படுத்துகிறேன்.

```
for f in s_*.tif; do
  magick "$f" -crop 1400x1000+1300+900 +repage \
    -filter point -resize 200% "x_$f"
done
```

இதில் `-filter point` என்பதை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிதாக்கும்போது பிக்சல்களின் இடையை வழுவழுப்பாக்கும் முறைகள் தனிப்படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் ஒரு பிக்சலைவிடச் சிறிய விவரத்தை மீட்கத் தேவையான குறிப்பை அவை அந்த இடத்திலேயே துடைத்துவிடும். கட்டம் கட்டமாகத் தெரியும் இந்த முரட்டு முறையில் ஒவ்வொரு அளவீடும் தன் கட்டத்தில் அப்படியே இருக்கும். பதினாறு படங்களின் கட்டங்கள் வெவ்வேறு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது, பொய்யான விளிம்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எல்லாப் படங்களும் ஒத்துக்கொள்ளும் விளிம்பு மட்டும் எஞ்சும்.

பொருத்துவதற்கு ஹியூகின் மென்பொருளோடு வரும் கருவி போதுமானது.

```
align_image_stack -v -m -f 27 -c 20 -t 2 -C \
  --use-given-order -a al_ x_s_*.tif
```

`-f 27` என்பது வெட்டிய பகுதி கண்ணுக்குக் காட்டும் கிடைமட்டக் கோணம். என் லென்ஸுக்கும் என் வெட்டுக்கும் உரிய எண் அது. `-m` நாம் முன்னும் பின்னும் சற்று அசைந்ததைச் சரிசெய்கிறது. `-C` எல்லாப் படங்களுக்கும் பொதுவான பகுதியை மட்டும் விட்டு ஓரத்தை வெட்டுகிறது. முதல் கோப்பை ஆதாரமாகக் கொண்டே மற்றவை பொருத்தப்படுவதால், மிகக் கூர்மையான படத்துக்கு `s_01.tif` என்று பெயரிடுவது நல்லது. பிறகு சராசரி:

```
magick al_*.tif -alpha off -evaluate-sequence mean all.tif
```

`mean` என்ற இடத்தில் `median` என்று போட்டு நடுமதிப்பும் காணலாம். குறுக்கே ஒருவர் நடந்துபோனாலோ, குரங்கு வால் ஒரு படத்தில் நுழைந்துவிட்டாலோ நடுமதிப்பு அதை ஒதுக்கித் தள்ளும். ஆனால் அதே அளவு இரைச்சல் குறைய அதற்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு படங்கள் தேவைப்படும். பிக்சலினும் சிறிய விவரத்துக்கும் அது உகந்ததன்று. குகைக்குள் அசைவது எதுவும் இல்லாததால் நான் சராசரியையே பயன்படுத்துகிறேன்.

கிடைத்த `all.tif` முதலில் சற்று மென்மையாகத் தெரியும். அது கட்டங்களைச் சேர்த்ததால் வந்த இயல்பான மென்மை. இப்போதுதான் கூர்மையாக்க வேண்டும். ராதெரபியில் `RL Deconvolution` முறையில், ஆரம் 1.2 அளவில் தொடங்கிப் பார்க்கலாம். இரைச்சல் தணிந்த பிறகே இந்தக் கூர்மையாக்கம் கோட்டின் மேல் வேலை செய்கிறது. ஒற்றைப் படத்தில் செய்தால் இரைச்சலின் மேல் வேலை செய்யும்.

அரை அடுக்குச் சோதனை

இப்போது கண்முன் ஓர் எழுத்து தெரிகிறது. அதை நம்பலாமா? பதினாறு படங்களையும் இரண்டு எட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு எட்டையும் தனியாகச் சராசரி காண வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள்.

```
magick al_???[02468].tif -alpha off -evaluate-sequence mean A.tif
magick al_???[13579].tif -alpha off -evaluate-sequence mean B.tif
magick A.tif B.tif -fx "(u-v)/2+0.5" diff.tif
```

ஒரு கோடு ஏ, பி இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருந்தால் அது பாறையில் இருக்கிறது. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் அது இரைச்சல். எவ்வளவு அழகாக எழுத்தின் வளைவோடு சேர்ந்துகொண்டாலும் அதைப் படிப்பில் சேர்க்கக் கூடாது. கூர்மையாக்கம் செய்த பின் தோன்றிய கோடு என்றால், ஏ, பி இரண்டுக்கும் அதே அளவு கூர்மையாக்கம் செய்து பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

மூன்றாவது கட்டளை தரும் `diff.tif` இன்னும் பயனுள்ளது. இரண்டு பாதிகளுக்கும் பொதுவான பாறை அதில் கழிந்துபோய், சாம்பல் நிறத்தில் இரைச்சல் மட்டும் எஞ்சும். வித்தியாசத்தைப் பாதியாக்கியிருப்பதால், அந்தப் படத்தில் உள்ள ஏற்ற இறக்கத்தின் அளவு, பதினாறு படங்களின் முழு அடுக்கில் உள்ள இரைச்சலின் அளவுக்குச் சமம். பாறையின் சொரசொரப்பு கலக்காமல் இரைச்சலை மட்டும் அளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

```
magick diff.tif -channel G -separate -crop 400x400+1000+700 \
  +repage -format "%[fx:standard_deviation]\n" info:
```

ஒப்பிடுவதற்கு, `al_0000.tif`, `al_0001.tif` என்ற இரண்டு தனிப்படங்களுக்கும் இதே கழித்தலைச் செய்து, வரும் எண்ணை 1.41-ஆல் பெருக்கினால் ஒற்றைப் படத்தின் இரைச்சல் கிடைக்கும். எனக்கு ஒற்றைப் படத்தில் 0.024, அடுக்கில் 0.0066 என்று வந்தது. நான்கு மடங்கு குறைந்திருக்க வேண்டியது மூன்றரை மடங்குக்குச் சற்று மேல் குறைந்திருக்கிறது. கையில் எடுத்த படத்துக்கு அது ஏற்கத்தக்கது. இரண்டு மடங்குதான் குறைந்தது என்றால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

`diff.tif` கோப்பைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். அது சீரான சாம்பலாக, மணல் தூவியதுபோல் இருக்க வேண்டும். அதில் எழுத்தின் விளிம்போ சிற்பத்தின் விளிம்போ மங்கலாகத் தெரிந்தால் பொருத்தம் தவறியிருக்கிறது. எந்தப் படம் தவறியது என்று அறிய, பொருத்தப்பட்ட படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகப் புரட்டினால் போதும். துள்ளுகிற படத்தை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கலாம். ஆனால் இந்தச் சோதனைக்குப் பிடிபடாத குறை ஒன்றும் உண்டு. சென்சாரின் நிலையான குறைகள் இரண்டு பாதிகளிலும் இருக்கும் என்பதால் அவை கழிந்து மறைந்துவிடும். நம் கை ஒரே திசையில் மெல்லச் சரிந்துகொண்டே போயிருந்தால், அந்தக் குறைகள் `all.tif`-இல் அத்திசையில் ஓடும் சன்னமான கீறல்களாக விழும். ஒரே சாய்வில் பல இணைக்கீறல்கள் எழுத்தில்லாத வெற்றுப் பாறையிலும் தெரிந்தால் அவை உளிக்கோடுகள் அல்ல. ஐந்தைந்து படங்களுக்கு ஒருமுறை கேமராவைச் சற்று வேறு பக்கம் திருப்பி மறுபடி குறிவைத்துக்கொண்டால் இந்தக் கீறல் விழாது.

காணொளி மட்டுமே இருந்தால்

ரா கோப்பு இல்லை, முன்பு எடுத்த காணொளிதான் இருக்கிறது என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு செய்யலாம். காணொளிச் சுருக்கத்தில் பெரும்பாலான சட்டங்கள் முழுப் படங்கள் அல்ல. முந்தைய சட்டத்திலிருந்து என்ன மாறியது என்று மட்டும் எழுதிவைத்தவை. அடுத்தடுத்த முப்பது சட்டங்களை அடுக்கினால், ஒரே படத்தின் முப்பது நிழல்களை அடுக்கியதாகும். இரைச்சல் அவ்வளவாகத் தணியாது. தனித்து நிற்கும் முழுச் சட்டங்களை மட்டும் `ffmpeg` என்னும் இலவசக் கருவியால் பிரித்தெடுக்க வேண்டும்.

```
ffmpeg -i kal.mp4 -vf "select='eq(pict_type,I)'" \
  -fps_mode vfr s_%02d.png
```

கைபேசிக் காணொளியில் பெரும்பாலும் நொடிக்கு ஒன்றோ அதற்குச் சற்று முன்பின்னோ இத்தகைய சட்டம் கிடைக்கும் என்பதால், பதினாறு சட்டத்துக்கு இருபது நொடிக் காணொளியாவது வேண்டும். இனி எடுக்கப்போகிறீர்கள் என்றால் மென்பொருள்வழி அதிர்வுக் கட்டுப்பாட்டை அணைத்துவிட வேண்டும். அது ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாக வளைத்து நெளித்துவிடுவதால் பொருத்தம் கெடும். அதன் பிறகு மேலே சொன்ன படிகளே, கோப்புப் பெயரின் வாலையும், வெட்டும் எண்களையும், `-f` கோணத்தையும் காணொளிக்கு ஏற்ப மாற்றி.

அந்த ஓர் எழுத்து

வட்டெழுத்தில் ப, ய, வ ஆகியவை ஒன்றோடொன்று மயங்கக் கூடியவை. வளைவு எங்கே திரும்புகிறது, உள்ளே ஒரு சிறு கோடு மடிகிறதா என்பதே தீர்ப்பு. நான் பார்த்துக்கொண்டிருந்த வரியில் ஓர் எழுத்துக்கு ஒற்றைப் படத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஒன்று வளைவின் உட்பக்கம் மடிந்தது. மற்றொன்று வலப்பக்கம் மேலே எழுந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் எழுத்து, ஒன்றை விட்டால் வேறோர் எழுத்து. வலப்பக்கக் கோடுதான் தெளிவாக இருந்தது. என் மனமும் அதையே பிடித்துக்கொண்டது.

அடுக்கியபின் வலப்பக்கக் கோடு மறைந்துவிட்டது. ஏ பாதியில் அதன் சாயல் சிறிது இருந்தது, பி பாதியில் அது இல்லவே இல்லை. உள்மடிப்போ இரண்டு பாதிகளிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒற்றைப் படத்தில் தெரிந்ததைவிட நீளமாகவே நின்றது. அது பாறையில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஆனால் பாறையில் இருப்பதெல்லாம் உளி வெட்டியதாகிவிடாது. நீர்க்கறையும் இரண்டு பாதிகளிலும் அதே இடத்தில்தான் நிற்கும். அடுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்லாது.

ஆகவே மறுவாரம் மீண்டும் போய், உடன் வந்தவரிடம் ஒரு சிறு கைவிளக்கைக் கொடுத்து, எழுத்துக்கு இடப்பக்கம் பாறையோடு ஒட்டினாற்போல் சாய்வாகப் பிடிக்கச் சொல்லி ஒரு பதினாறும், வலப்பக்கம் பிடிக்கச் சொல்லி ஒரு பதினாறும் எடுத்தேன். இரண்டு அடுக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, இடப்பக்க வெளிச்சத்தில் உள்மடிப்பின் இடக்கரை இருண்டும் வலக்கரை வெளிறியும் இருந்தது. வலப்பக்க வெளிச்சத்தில் அது தலைகீழாகியிருந்தது. கறை இப்படிப் பக்கம் மாறாது, மேட்டுக்கு இதற்கு நேர்மாறாக வரும். பள்ளம் மட்டுமே இப்படி நடந்துகொள்ளும். பள்ளத்தின் இரு கரைகளும் சீராக, வரியின் மற்ற எழுத்துகளின் கோட்டகலத்திலேயே ஓடின. அந்தப் பள்ளத்தை எழுத்தின் பகுதியாகவே என் குறிப்பேட்டில் வரைந்துகொண்டேன். வலப்பக்கக் கோட்டை வரையவில்லை.